ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: பேசும்போதே தப்பு தெரிஞ்சா எங்கிருந்து திருத்துறது?

ஆனந்தி_திருநகர்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஸ்பீக்கிங்ல 7 வேணும், வந்தது 6. கோச்சிங்ல மாக் டெஸ்ட் எடுத்தவங்க, "அடிக்கடி உன்னையே திருத்திக்கிற, ஃப்ளூயன்ஸி அங்கதான் போகுது"ன்னு சொன்னாங்க. சரி, திருத்தாம விட்டா கிராமர்ல மார்க் போகுமே? இதுக்கு அங்க யார்கிட்டயும் தெளிவா பதில் இல்ல. கூடப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் திருத்துங்கிறாங்க, பாதிப் பேர் திருத்தாதங்கிறாங்க.

நான் பேசி ரெக்கார்ட் பண்ணினதுல ஒரு துண்டை அப்படியே எழுதுறேன். இரண்டாம் பகுதி, க்யூ கார்டு "கூட்டமான ஒரு இடத்துக்குப் போனது பற்றி". சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குற நாளைப் பத்திப் பேசினேன்.

"லாஸ்ட் இயர் ஐ கோ… சாரி, லாஸ்ட் இயர் ஐ வென்ட் டு சீ தி சித்திரை ஃபெஸ்டிவல் வித் மை கிராண்ட்மதர். ஹி வாஸ்… சாரி சாரி, ஷி வாஸ் வெரி எக்ஸைட்டட். வி ரீச்ட் தி… ரீச்ட் டு தி… வி ரீச்ட் தி ரிவர் அட் ஃபோர் இன் தி மார்னிங். தேர் வேர் மெனி பீப்பிள்… தேர் வேர் எ லாட் ஆஃப் பீப்பிள் ஸ்டாண்டிங் ஆன் தி… இன் தி ரிவர்."

பேசும்போது இவ்வளவு தெரியல. எழுதிப் பாக்கும்போதுதான் ஒரு வரிக்கு ஒண்ணு இருக்குன்னு தெரியுது. இதுல எதைத் திருத்தணும், எதை விடணும்? திருத்தினா எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

உசிலை_பாண்டி

தங்கச்சி, ரொம்ப யோசிக்காதீங்க. திருத்தவே திருத்தாதீங்க. ஃப்ளூயன்ஸிக்குத் தனி மார்க், கிராமருக்குத் தனி மார்க். ஃப்ளூயன்ஸி போடும்போது "கோ"வா "வென்ட்"டான்னு பாக்க மாட்டாங்க, நிக்காம போறீங்களான்னுதான் பாப்பாங்க. என் ரூம்மேட் அப்படித்தான் தப்போ ரைட்டோ ஓட்டிக்கிட்டே போனான், 7 வாங்கிட்டான். திருத்துனாலே ஒரு மார்க் போச்சுன்னு வச்சுக்கங்க.

சுந்தரம்_பழங்காநத்தம்

பாண்டி தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. ஃப்ளூயன்ஸி, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கும் தனித்தனியாக மதிப்பிடப்படுகின்றன, நான்குக்கும் சம எடை. ஆனால் அதனாலேயே இரண்டாம் பாதி தவறாகிவிடுகிறது. திருத்தாமல் ஓடினால் அந்தப் பிழைகள் அப்படியே இலக்கணப் பக்கம் போய் உட்காரும். அங்கே 7 வேண்டுமென்றால் பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும்.

"திருத்தினாலே மார்க் போச்சு" என்பதும் இல்லை. வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு அளவுகோலை எடுத்துப் பாருங்கள். 9-க்கான வரியிலேயே, மிக அரிதாக ஒரு திருத்தம் வரலாம் என்று இருக்கிறது. 7-இல், தயக்கமும் திரும்பச் சொல்வதும் தன்னைத் திருத்திக்கொள்வதும் பாதி வாக்கியத்திலேயே வரலாம், ஆனால் கோர்வை கெடக் கூடாது என்கிறார்கள். 6-இல் அதே காரணங்களால் கோர்வை சில இடங்களில் அறுந்துபோகிறது. 5-இல், பேச்சைத் தொடர்வதற்கே திரும்பச் சொல்வதையும் திருத்துவதையும் நம்பியிருப்பவர்.

ஆக 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும் கோடு எத்தனை முறை திருத்தினீர்கள் என்பதில் மட்டும் இல்லை. திருத்திய பிறகு கேட்பவர் கதையைப் பிடித்துக்கொண்டே வந்தாரா, இல்லை "எங்கே விட்டோம்" என்று தேடினாரா என்பதில் இருக்கிறது. தேர்வாளர் விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

ஆனந்தி, உங்கள் துண்டை இரவு உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன். அதில் ஐந்து திருத்தம் இருக்கிறது, ஐந்தும் ஒரே வகை இல்லை.

ஸ்டெல்லா_கோரிப்பாளையம்

நான் ஸ்டாஃப் நர்ஸ், ஓஇடி எழுதுறேன். நம்ம ஸ்பீக்கிங் ரெண்டு ரோல் பிளே, ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம் கிட்ட வரும், பேசுறதுக்கு முன்ன மூணு நிமிஷம் கார்டைப் படிக்கலாம். அதுல நான் பேஷண்ட்கிட்ட "டேக் டூ டேப்லெட்ஸ்"னு சொல்லிட்டு, கார்டுல ஒண்ணுன்னு இருந்ததைப் பாத்துட்டேன். உடனே நிறுத்தி, "ஐ ஆம் சாரி, லெட் மீ கரெக்ட் தட். ஒன் டேப்லெட், ட்வைஸ் எ டே"ன்னு மறுபடி முழுசா சொன்னேன். இதுக்கு ஃப்ளூயன்ஸில குறைப்பாங்களா? குறைச்சா குறைக்கட்டும்னுதான் எனக்குத் தோணுது. மாத்திரை விஷயத்துல நைசா மாத்திட்டுப் போக முடியுமா?

சுந்தரம்_பழங்காநத்தம்

ஸ்டெல்லாம்மா, நீங்கள் செய்தது முழுக்கச் சரி. ஆனால் ஆனந்தி கேட்பதற்கு நேர் எதிர்த் திசை அது. உங்களுக்கு நோயாளி அந்தத் திருத்தத்தைக் கவனித்தே ஆக வேண்டும், அதனால் நிறுத்தி, மன்னிப்புச் சொல்லி, முழுத் தகவலையும் மறுபடி சொல்வதுதான் முறை. ஓஇடியில் ஃப்ளூயன்ஸி தவிர, தகவலை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மருந்தளவு, நேரம், எந்தப் பக்கக் கால் என்பதெல்லாம் உரக்கத் திருத்த வேண்டியவை. "கோ", "வென்ட்" திருத்தத்தைக் கேட்பவர் கவனிக்காமல் இருந்தால்தான் நல்லது.

இப்போது ஆனந்தியின் துண்டு.

முதலாவது "ஐ கோ… சாரி, லாஸ்ட் இயர் ஐ வென்ட்". திருத்த வேண்டிய பிழைதான். கதை முழுவதும் இறந்த காலத்தில் போகப்போகிறது, முதல் வினையே நழுவினால் அடுத்தடுத்த வினைகளும் கூடவே நழுவும். திருத்திய விதத்தில்தான் கோளாறு. "லாஸ்ட் இயர்" என்பதில் தவறே இல்லையே, அதை ஏன் மறுபடி சொன்னீர்கள்? "ஐ கோ… ஐ வென்ட்" போதும். வெறும் "வென்ட்" கூடப் போதும்.

இரண்டாவது "ஹி வாஸ்… ஷி வாஸ்". இதையும் திருத்தியே ஆக வேண்டும், விட்டால் பாட்டியோடு வேறு யாரோ வந்ததாகக் கேட்பவர் நினைப்பார். இங்கே தொந்தரவு இரண்டு சாரி. பிழை ஒரு சொல், சாரி இரண்டு சொல்.

மூன்றாவதுதான் மோசம். "ரீச்ட் தி… ரீச்ட் டு தி… வி ரீச்ட் தி". நீங்கள் முதலில் சொன்னதே சரி. சந்தேகத்தில் தவறுக்குப் போய், திரும்பச் சரிக்கு வந்திருக்கிறீர்கள். இதைத் திருத்தம் என்றே சொல்ல மாட்டேன், வாயால் யோசிப்பது. கேட்பவருக்கு ஒரே இடத்தில் மூன்று முறை வண்டி நின்றதுதான் தெரியும். இந்த மாதிரி இரண்டு மூன்று வந்தால் 6-ஐத் தாண்டுவது கடினம்.

நான்காவது, "மெனி பீப்பிள்" என்பதை "எ லாட் ஆஃப் பீப்பிள்" ஆக்கியது. முதலாவதிலும் குற்றமில்லை. தேவையே இல்லாத மாற்றம். ஐந்தாவது, "ஆன் தி… இன் தி ரிவர்". சரியான அளவில் செய்திருக்கிறீர்கள்: எந்தச் சொல் தவறோ அங்கிருந்து பிடித்து, அதே வடிவில் மாற்றிவிட்டு மேலே போயிருக்கிறீர்கள். சாரி இல்லை, பின்னால் ஓடவில்லை. செய்யத் தெரிந்ததை ஐந்தாவது இடத்தில் செய்தீர்கள், முதல் இடத்தில் செய்யவில்லை.

ஐந்தில் கட்டாயம் இரண்டு. மூன்றாவதும் நான்காவதும் நடந்திருக்கவே வேண்டாம். ஐந்தாவது இருந்தாலும் பாதகமில்லை.

ஆனந்தி_திருநகர்

சார், ரொம்ப நன்றி. மூணாவதைப் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. "ரீச்"க்குப் பின்னால "டு" வருமான்னு எப்பவும் ஒரு பயம்.

ஒரு சந்தேகம். திருத்தும்போது வாக்கியத்தோட முதல்ல இருந்து ஆரம்பிக்கிறது எனக்குத் தானா வருது. அதை எப்படி நிறுத்துறது? முதல்ல இருந்து சொன்னாதான் வாக்கியம் முழுசா சரியா வந்த மாதிரி இருக்கு.

சுந்தரம்_பழங்காநத்தம்

தமிழில் நீங்கள் அப்படிச் செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். "நேத்து மாட்டுத்தாவணி… இல்ல, ஆரப்பாளையத்துல பஸ் ஏறுனேன்" என்று சொல்வீர்கள். "நேத்து மாட்டுத்தாவணி, மன்னிக்கணும், நேத்து ஆரப்பாளையத்துல" என்று யாரும் சொல்வதில்லை. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ஊர்ப் பெயரை வைக்கிறோம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் முதலிலிருந்து ஆரம்பிப்பது எழுத்துத் தேர்வின் பழக்கம். ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு அடுத்த வரியில் முழுசாக எழுதுகிற பழக்கம்.

நெதர்லாந்தின் வில்லெம் லெவெல்ட் 1983-இல் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வண்ணப் புள்ளிகள் கோத்த படங்களை விவரிக்கச் சொல்லி, பேசியவர்கள் தாமாகத் திருத்திக்கொண்ட இடங்களைச் சேர்த்து ஆராய்ந்தார். அவர் கண்டதில் நமக்கு உதவுவது ஒன்று: திருத்தம் கண்டபடி நடப்பதில்லை. மாற்றி வைக்கும் துண்டும் மாற்றப்படும் துண்டும் ஒரே வடிவில் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் "அல்லது" போட்டால் பொருந்துகிற மாதிரி. "ஆன் தி ரிவர் ஆர் இன் தி ரிவர்" பொருந்தும். அதனால்தான் "ஆன் தி… இன் தி ரிவர்" காதில் உறுத்தவில்லை. அவர் ஆராய்ந்தது தாய்மொழியில் பேசியவர்களை. அவர்களே அவ்வளவு திருத்துகிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆகவே நீங்கள் பின்னால் போக வேண்டிய தூரம், தவறான சொல் இருக்கும் சின்னச் சொற்றொடரின் தொடக்கம் வரைதான். வினை என்றால் வினையிலிருந்தோ அதன் எழுவாயிலிருந்தோ. இடம், நேரம் என்றால் அந்த "ஆன்", "இன்", "அட்" இருக்கும் இடத்திலிருந்து. திருத்திய சொல்லில் குரலைக் கொஞ்சம் அழுத்துங்கள்: "ஹி வாஸ், *ஷி* வாஸ்". அந்த அழுத்தமே "இதுதான் சரி" என்று சொல்லிவிடும், சாரிக்கு வேலை இருக்காது.

மேலூர்_கார்த்திக்

சார், எங்க கிளாஸ்ல சாரிக்குப் பதிலா "ஆர் ரேதர்", "வாட் ஐ மீன் டு சே இஸ்", "லெட் மீ ரீஃப்ரேஸ் தட்"னு ஒரு பத்து கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. இதைப் போட்டா ஃப்ளூயன்ஸி கூடும்னாங்க. நான் ஒவ்வொரு தடவையும் வேற வேற ஒண்ணைப் போடுறேன். இது சரியா?

சுந்தரம்_பழங்காநத்தம்

"ஐ மீன்", "ஆர் ரேதர்", "வெல், ஆக்சுவலி" மூன்றும் நல்லவை, ஆனால் கருத்தை மாற்றும்போது. "இட் வாஸ் எ ஸ்மால் டெம்பிள், ஆர் ரேதர், எ ஷ்ரைன்" என்றால் அழகாக இருக்கிறது, துல்லியமாகச் சொல்ல முயல்கிறார் என்று படும். "ஐ கோ, ஆர் ரேதர், ஐ வென்ட்" என்று சொன்னால் ஒரு சின்ன இலக்கணப் பிழைக்கு வெளிச்சம் போட்டுக் காட்டிய மாதிரி. இலக்கணத்துக்கு ஒன்றுமே வேண்டாம், நேராக மாற்றிவிடுங்கள். "வாட் ஐ மீன் டு சே இஸ்" ஆறு சொல். ஒரு சொல்லைத் திருத்த ஆறு சொல் போட்டால் கேட்பவர் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார்.

முறை வைத்து மாற்றி மாற்றிப் போடுவது மனப்பாடம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மேலூர்_கார்த்திக்

ஆனா சார், ஒண்ணுமே சொல்லாம மாத்தினா நான் தப்பைக் கவனிக்கலன்னு நினைச்சுட மாட்டாங்களா?

சுந்தரம்_பழங்காநத்தம்

சரியான சொல்லைச் சொல்லிவிட்டீர்களே, அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் தம்பி.

உசிலை_பாண்டி

சார் சொல்றது எல்லாம் படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பேசும்போது ஒரு நொடிக்குள்ள இது திருத்துற தப்பு, இது விடுற தப்புன்னு எவனால பிரிக்க முடியும்? தப்பு தெரிஞ்ச உடனே வாய் நின்னுருது. அதனாலதான் மொத்தமா விட்டுருன்னு சொன்னேன்.

சுந்தரம்_பழங்காநத்தம்

நியாயமான கேள்வி. அந்த நொடியில் பிரிக்க முடியாதுதான், முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். என்னிடம் படிப்பவர்களுக்கு நான் இரண்டே இரண்டைத்தான் சொல்வேன்: காலமும், ஆளும். வினையின் காலம் மாறினாலும், ஆண் பெண் ஒருமை பன்மை மாறி யார் என்பது குழம்பினாலும் திருத்துங்கள். "எ", "தி", முன்னிடைச்சொல் எல்லாம் வாயில் தானாகத் திருந்தினால் திருந்தட்டும், இல்லையென்றால் போகட்டும்.

பழகுவதற்கு ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். இலக்கணத்தைத் தொடாமல், வேண்டுமென்றே ஒரு தகவலைத் தவறாகச் சொல்லித் திருத்துங்கள். "வி ரீச்ட் தி ரிவர் அட் ஃபோர்… அட் ஃபைவ் இன் தி மார்னிங்." "மை அங்கிள்… மை கசின் ட்ரோவ் அஸ் தேர்." இதில் பயம் கிடையாது, ஏனென்றால் தவறு உங்கள் ஆங்கிலத்தில் இல்லை. நிறுத்தாமல், பின்னால் ஓடாமல் மாற்றுகிற அந்த அசைவு மட்டும் வாய்க்குப் பழகும். அது வந்த பிறகு "கோ, வென்ட்" தானாக அதே தடத்தில் வரும். பரீட்சையில் வேண்டுமென்றே செய்யாதீர்கள், இது வீட்டுக்கு.

பிறகு இரண்டு நிமிடம் போனில் ரெக்கார்ட் செய்து, முழுவதையும் எழுத வேண்டாம், உடைந்த இடங்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை நல்ல சொற்களை மறுபடி சொன்னீர்கள் என்று அடிக்கோடு போடுங்கள். உங்கள் முதல் திருத்தத்தில் "லாஸ்ட் இயர்" இரண்டு சொல் வீண். அந்த அடிக்கோடுகள் குறைந்தால் போதும், திருத்தங்கள் அதே எண்ணிக்கையில் இருந்தாலும் கேட்கும்போது வேறு ஆள் பேசுவது போல இருக்கும்.

ஸ்டெல்லா_கோரிப்பாளையம்

இந்த ஹி, ஷி பத்தி ஒண்ணு சொல்லணும். வார்டுல எங்க எல்லாருக்குமே இது வரும். தமிழ்ல "வந்தாங்க, சாப்பிட்டாங்க"ன்னு ஆளைச் சொல்லாமலே போயிடுவோம், மரியாதைக்கு ஆண் பெண் எல்லாருக்கும் அதே "ங்க"தான். இங்கிலீஷ்ல வாயைத் திறக்கும்போதே ஆணா பெண்ணான்னு முடிவு பண்ணியாகணும். நான் என்ன பண்றேன்னா, ஹேண்ட்ஓவர் குடுக்கும்போது ரெண்டாவது தடவையும் "தி பேஷண்ட்", "ஹெர் டாட்டர்"னு பேரையே சொல்லிடுவேன். ஆனந்தியும் "மை கிராண்ட்மதர் வாஸ் வெரி எக்ஸைட்டட்"னு சொல்லியிருந்தா திருத்தவே வேண்டியிருந்திருக்காது.

சுந்தரம்_பழங்காநத்தம்

நல்ல யோசனை. ஒவ்வொரு வாக்கியத்திலும் "மை கிராண்ட்மதர்" வந்தால் திரும்பச் சொல்வதாகிவிடும், ஆனால் ஆள் மாறும் இடத்தில் பெயர்ச்சொல்லைப் போடுவது நல்ல காப்பு.

ஆனந்தி_திருநகர்

சொன்ன மாதிரி தகவலை மாத்திப் பேசிப் பழகிட்டு, வேற க்யூ கார்டுல ரெக்கார்ட் பண்ணினேன். "நீங்கள் மதிக்கும் வயதான ஒருவர்." பக்கத்து வீட்டம்மாவைப் பத்தி.

"மை நெய்பர் வொர்க்ஸ்… வொர்க்ட் இன் எ டெக்ஸ்டைல் மில் ஃபார் தர்ட்டி இயர்ஸ். ஷி இஸ் ஓவர் செவன்டி நௌ, பட் ஷி ஸ்டில் கெட்ஸ் அப் அட் ஃபைவ் எவ்ரி மார்னிங். இன் தி ஈவ்னிங் ஷி டெல் மீ ஸ்டோரீஸ் அபௌட் தி மில், அண்ட் ஐ லவ் லிஸனிங் டு தெம். ஒன்ஸ் தேர் வாஸ் எ ஸ்ட்ரைக்…"

முதல் திருத்தம் சாரி இல்லாம வந்துருச்சு, மறுபடி சொன்ன சொல்லும் இல்ல. ஆனா "ஷி டெல்"ல "ஸ்" விட்டுட்டேன். அது எனக்குத் தெரிஞ்சது "லிஸனிங் டு தெம்" சொல்லி முடிச்ச அப்புறம். திரும்பிப் போய்த் திருத்தலாமான்னு யோசிச்சதுல "ஒன்ஸ்"க்கு முன்னால கொஞ்சம் இழுத்துட்டேன். வாக்கியம் முடிஞ்ச பிறகு தெரியுற தப்பை என்ன பண்றது?

சுந்தரம்_பழங்காநத்தம்

முன்னதைவிட மிகத் தெளிவாக இருக்கிறது. "வொர்க்ஸ்… வொர்க்ட்" மிகச் சரியான திருத்தம்.

முடிந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். அங்கே போனால் கேட்பவரையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அதில்தான் கோர்வை அறுகிறது. வாய்ப்பு வந்தால் அதே வினையைப் பின்னால் சரியாகச் சொல்லுங்கள். வேலைநிறுத்தக் கதை முடிந்ததும் "ஷி டெல்ஸ் தட் ஸ்டோரி ஈவ்ன் நௌ" என்று ஒரு வரி வந்தால், இந்தப் பயன்பாடு உங்களுக்குத் தெரியும் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். யார் என்பதோ எப்போது என்பதோ தலைகீழாகி, மீதிக் கதையே புரியாமல் போகும் என்றால் மட்டும் திரும்புங்கள்.

மேலூர்_கார்த்திக்

எனக்கு இதுல உடன்பாடு இல்ல சார். பின்னால சரியா சொன்னா, முன்னால தப்பு பின்னால சரின்னு ரெண்டும்தானே காதுல விழும்? நிலையா வரலன்னு நினைப்பாங்களே. அதுக்கு உடனே "ஷி டெல்ஸ் மீ, யூ நோ, ஆல் ஸார்ட்ஸ் ஆஃப் ஸ்டோரீஸ்"னு அடுத்த வாக்கியமா ஆரம்பிச்சுட்டா திருத்தின மாதிரியும் இருக்கும், கதையும் நிக்காதே?

சுந்தரம்_பழங்காநத்தம்

அது நன்றாகவே இருக்கிறது கார்த்திக், தொடர்ச்சி போல ஒலித்தால். உங்களுக்கு அந்த வேகத்தில் வரும் என்றால் செய்யலாம். ஆனந்திக்கு இப்போது "ஒன்ஸ்" முன்னால் வந்த இழுவைதான் கவலை. ஒரு "ஸ்" விடுபட்டதைவிட அந்த இழுவை அதிகம் கேட்கிறது என்று நான் நினைக்கிறேன்.

உசிலை_பாண்டி

ஆனந்தி, அந்த ரெண்டாவது ரெக்கார்டிங்கை உங்க வீட்ல இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரே தடவை போட்டுக் காட்டுங்க, என்னத்தைக் கேக்கணும்னு முன்னாலயே சொல்லாம. "ஸ்" விட்டதைச் சொல்றாங்களா, "ஒன்ஸ்"ல நின்னதைச் சொல்றாங்களான்னு பாத்துட்டு இங்க எழுதுங்க. சார் இழுவைங்கிறாரு, கார்த்திக் "ஸ்"ங்கிறாரு. எனக்கு ரெண்டுமே யார் காதுலயும் விழாதுன்னுதான் தோணுது.